மடிப்பில் ஒளிந்திருக்கும் பூ

ஜப்பானின் நகோயா நகரை ஒட்டிய அரிமட்சு என்ற சிற்றூரில் கைக்குழந்தைகளுக்குக் கட்டிய பருத்தித் துணியில் ஒரு காலத்தில் பூப்போட்டிருக்கும். வெள்ளைத் துணி முழுவதும் ஆறு இதழ் கொண்ட நீலப் பூக்கள், அச்சில் வார்த்தது போல ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும். அச்சுக் கட்டையோ தூரிகையோ அந்தத் துணியைத் தொட்டதில்லை. மடித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கி, ஓரத்தை மட்டும் சாயத்தில் நனைத்து எடுத்தார்கள். அவ்வளவுதான். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘செக்கா ஷிபோரி’. செக்கா என்றால் பனிப்பூ. கடையில் வாங்கித் தூக்கி எறியும் டயப்பர் வந்த பிறகு அந்தத் துணிக்குத் தேவை குறைந்தது. பின்னாளில் அதே பனிப்பூ, கோடைக்கால யுகாத்தா உடைகளில் நாகரிகமாகத் திரும்பி வந்தது.

துணியின் சில பகுதிகளில் சாயம் ஏறவிடாமல் தடுத்து உருவம் எடுக்கும் கலையை ஜப்பானில் ஷிபோரி என்கிறார்கள். நம் மதுரைச் சுங்குடியும், குஜராத், ராஜஸ்தான் பக்கத்து பாந்தனியும் இதே குடும்பம்தான். நூலால் கட்டியும் தடுக்கலாம், மடித்தும் தடுக்கலாம், பலகை வைத்துக் கவ்வியும் தடுக்கலாம். இவற்றில் கை போன போக்கில் முறுக்கிக் கட்டினால் என்ன வரும் என்பது அவிழ்க்கும்போதுதான் தெரியும். ஆனால் நேற்று வந்த அதே பூ இன்றும் வரவேண்டும், அடுத்த வாரம் இன்னொருவர் செய்தாலும் வரவேண்டும் என்றால், அதற்குச் செக்கா மடிப்பைப் போல நல்ல பாடம் வேறு இல்லை. அதில் எல்லாமே அளவுக்குள் அடங்கும்.

அரிமட்சுவின் கதை 1608-இல் தொடங்குகிறது. எடோவையும் கியோட்டோவையும் இணைத்த டோக்கைடோ பெருவழியின் ஓரத்தில், விவசாயத்துக்கு அவ்வளவாக இடமில்லாத பகுதியில் அந்த ஊர் எழுந்தது. அங்கு குடியேறியவர்களில் ஒருவரான தகெடா ஷோகுரோ, கட்டுச் சாயம் போட்ட கைத்துண்டுகளை வழிப்போக்கர்களுக்கு விற்கத் தொடங்கினார். ஓவியர் ஹிரோஷிகே டோக்கைடோவின் தங்குமிடங்களை வரைந்தபோது, பக்கத்து நருமி ஊருக்கான படத்தில் இந்தத் துணிக் கடைகளையே வரைந்தார். அரிமட்சு, நருமி ஷிபோரிக்கு 1975-இல் ஜப்பான் அரசு மரபுக் கைவினை என்ற தகுதியை அளித்தது. வழியில் நின்று வாங்கிப்போகிறவர்களுக்கான சரக்கு என்பதால், ஒரே மாதிரித் துண்டுகளை வேகமாகச் செய்யும் கட்டாயம் அந்த ஊருக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

பலகை வைத்துக் கவ்வும் எண்ணம் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8-ஆம் நூற்றாண்டுத் துணிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, உருவம் செதுக்கிய இரண்டு பலகைகளுக்கு நடுவே மடித்த துணியை வைத்து இறுக்கிச் சாயமிட்டது. துணியை இரண்டாக மடித்ததால் மரத்தின் இருபுறமும் நிற்கும் பறவைகளும் விலங்குகளும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றையொன்று நோக்கி நிற்கும். செக்காவில் பலகையில் செதுக்கு வேலை இல்லை. உருவம் முழுவதும் மடிப்பிலிருந்தே வருகிறது.

அந்த மடிப்பை நம் வீட்டுச் சொற்களிலேயே சொல்லிவிடலாம். முதலில் கொசுவம், பிறகு சமோசா.

புடவைக் கொசுவம் போல, ஒரு மடிப்பு முன்னே, அடுத்தது பின்னே என்று துணியை நீளவாக்கில் மாறி மாறி மடித்தால் ஒரு நீளப் பட்டை கிடைக்கும். அந்தப் பட்டையைச் சமோசா மடிப்பது போல முக்கோண முக்கோணமாக மடிக்கவேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. சமோசாவில் மாவுப் பட்டையைச் சுருட்டிக்கொண்டே போவோம். முதல் மடிப்பு உள்ளே புதைந்துவிடும். துணியை அப்படிச் சுருட்டினால் உள்ளே புதைந்த அடுக்குகளுக்குச் சாயம் போகாது. இங்கே முக்கோணத்தையும் கொசுவம் போலவே முன்னும் பின்னுமாக மடிக்கவேண்டும். அப்போதுதான் எல்லா அடுக்குகளின் ஓரமும் பக்கவாட்டில் வெளியே தெரியும்.

ஒவ்வொரு மடிப்புக் கோடும் ஒரு கண்ணாடியாக வேலை செய்கிறது. முக்கோணத்தின் ஒரு முனையில் பட்ட சாயம் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிரதிபலிக்கும். அந்தப் பிம்பம் அடுத்த கோட்டில் மறுபடி பிரதிபலிக்கும். மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தில் ஒவ்வொரு மூலையும் 60 பாகை. விரித்த துணியில் ஒரு புள்ளியைச் சுற்றி அப்படி ஆறு மூலைகள் கூடும். ஆறு அறுபது முந்நூற்றறுபது. பனிப்பூவுக்கு ஆறு இதழ் வருவது இதனால்தான்.

கோலம் போடுகிறவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். முக்கோண மடிப்பில் பூக்கள் விழும் இடங்கள் இடுக்குப் புள்ளிக் கோலத்தின் புள்ளிகள். ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் நிற்கும். பட்டையைச் சதுரம் சதுரமாக மடித்தால் நேர்ப்புள்ளி. அங்கே ஒரு மூலையில் நான்கு சதுரங்கள் கூடுவதால் நான்கு பக்கமும் ஒத்த உருவம் வரும்.

இனி ஒரு துண்டை எடுத்து முழுக்கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அகலம் 36 சென்டிமீட்டர், நீளம் 90 சென்டிமீட்டர் உள்ள மெல்லிய பருத்தித் துணி. அகலத்தை நான்கு கொசுவமாக மடித்தால் ஒவ்வொன்றும் 9 சென்டிமீட்டர். இந்த 9-தான் முக்கோணத்தின் உயரம். சமபக்க முக்கோணத்தின் பக்க அளவு அதன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.15 மடங்கு என்பதால் பக்கம் சுமார் 10.4 சென்டிமீட்டர். பட்டையில் ஒவ்வொரு முக்கோணமும் அதில் பாதி, அதாவது 5.2 சென்டிமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்ளும். ஆக 90 சென்டிமீட்டரில் பதினேழு முக்கோணம். நான்கு கொசுவத்தைச் சேர்த்தால் மொத்தம் 68 அடுக்கு.

இப்போது மூன்று மூலைகளில் ஒன்றை மட்டும் சாயத்தில் தோய்த்தால் பூக்கள் எவ்வளவு தூரத்தில் விழும்? கொசுவ அகலத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில். இந்தத் துண்டில் அது 18 சென்டிமீட்டர். துண்டு முழுவதும் எட்டு அல்லது ஒன்பது முழுப் பூக்களும், விளிம்புகளில் சில பாதிப் பூக்களும் வரும். மூன்று மூலைகளையும் தோய்த்தால் பூக்கள் நெருங்கி 10.4 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிற்கும். பூவின் அகலத்துக்கும் கணக்கு உண்டு. மூலையை எவ்வளவு ஆழம் தோய்க்கிறோமோ அதைப் போல இரண்டு மடங்கு. இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் தோய்த்தால் 5 சென்டிமீட்டர் பூ. சாயம் ஈரத்தில் சற்றே ஊர்ந்து ஏறும் என்பதால் உண்மையில் கொஞ்சம் பெரிதாகவே வரும்.

மூலைக்குப் பதில் ஒரு பக்கத்தைத் தோய்த்தால் பூவே வராது. தேன்கூடு வரும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் தோய்த்த பக்கம், விரித்ததும் 2 சென்டிமீட்டர் அகலக் கோடாகி, 16 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளை அறுகோணங்களைச் சூழ்ந்து நிற்கும். அதன் பிறகு எதிர்மூலையை வேறு சாயத்தில் தோய்த்தால் ஒவ்வொரு அறுகோணத்தின் நடுவிலும் ஒரு பூ. ஒரே மடிப்பு, எந்த இடம் சாயத்தைத் தொடுகிறது என்பதை மட்டும் மாற்றினால் துணியே மாறிவிடுகிறது. கத்தரிக்கோலைத் தொடும் முன் இதை ஒரு காகிதத்தில் செய்து பார்த்துவிடலாம். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை மடித்து, நீர் கலந்த மையில் மூலையைத் தொட்டு எடுத்தால், அரை நிமிடத்தில் மாதிரி கிடைத்துவிடும்.

கணக்கு சுலபம், துணிதான் ஒத்துழைக்காது. கடையில் வாங்கிய புதுப் பருத்தியில் கஞ்சியும் மெழுகுத்தன்மையும் இருக்கும். சாயம் அதன்மேல் திட்டுத்திட்டாக நிற்கும். சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்ட நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசவேண்டும். போதுமா என்று அறிய ஒரு சொட்டு நீர் போதும். காய்ந்த துணியில் விட்ட சொட்டு, முத்து போல நிற்காமல் விழுந்த கணமே பரவி மறையவேண்டும். கொதித்த துணி சுருங்கியிருக்கும் என்பதால், 36-ஐ அளப்பது அதற்குப் பிறகுதான். ஓரம் கோணலாக இருந்தால் ஒரு நூலை உருவி, அந்த வழியே நேராக வெட்டிக்கொள்ள வேண்டும். ஊடை வழி கோணினால் எந்த மடிப்பும் நேராக நிற்காது.

மடிப்பில் பொறுமை காட்டுவது இங்கே வேலையின் பாதி. ஒரு முக்கோணத்தில் 3 மில்லிமீட்டர் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. அதே பக்கமாகப் பதினேழு முறை பிசகினால் 5 சென்டிமீட்டர். பூ இருக்கவேண்டிய இடத்தில் அதன் பாதி இருக்கும். அதனால் 9 சென்டிமீட்டர் அகலத்தில் கெட்டி அட்டைப் பட்டை ஒன்றும், அதே உயரத்தில் முக்கோண அட்டை ஒன்றும் வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மடிப்பையும் அட்டையோடு சரிபார்த்து இஸ்திரி போட்டு அமர்த்தவேண்டும். முந்தைய மடிப்பைப் பார்த்து அடுத்ததை மடித்தால், முந்தையதின் பிழையும் கூடவே வரும். அட்டையைப் பார்த்து மடித்தால் பிழை அந்த மடிப்போடு நின்றுவிடும்.

பிறகு பலகை. முக்கோணத்தைவிடச் சற்றே சிறிய இரண்டு மரத்துண்டுகள், தோய்க்கப்போகும் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டியவை. அடுக்கை நடுவில் வைத்து, தச்சர் பயன்படுத்தும் ஜி-கிளாம்ப் இரண்டால் இறுக்கவேண்டும். கிளாம்ப் ஒன்றே இருந்தால் அதன் கீழே இறுக்கமும் ஓரங்களில் தளர்வுமாகிவிடும். இறுக்கம்தான் வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே எல்லை போடுகிறது. தளர்ந்தால் சாயம் உள்ளே புகுந்து, வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் புகை படிந்தது போல மங்கல் வரும். இறுக்கிய அடுக்கை நீரில் ஊறவைத்து, சொட்டாத அளவுக்கு ஒத்தி எடுத்தபின் சாயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ந்த அடுக்கு விளக்குத் திரி போலச் சாயத்தை மேலே மேலே இழுக்கும். ஈர அடுக்கில் இழைகளுக்கு நடுவே ஏற்கெனவே நீர் நிற்பதால் சாயம் மெதுவாக, மிருதுவான விளிம்போடு ஏறும். இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். ஒரு தடவை ஈரம், ஒரு தடவை காய்ந்தது என்று மாற்றினால் மட்டும் ஒன்றுபோல் வராது.

சாயத்துக்கு அவுரி நீலம் நல்ல தோழன். வீட்டு அளவில், அவுரிப் பொடி ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டு பங்கு, ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை மூன்று பங்கு என்ற கணக்கு உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த மிஷெல் கார்சியா இதைப் பரப்பினார். பத்து லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் அவுரி, 100 கிராம் சுண்ணாம்பு, 150 கிராம் பழச்சர்க்கரை என்று வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு கையையும் கண்ணையும் சுடும், கையுறை கட்டாயம். நீலமாக இருக்கும் அவுரி நீரில் கரையாது. சர்க்கரை அதை ஒடுக்கிக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகிறது. தொட்டி தயாராகிவிட்டதை அதன் முகமே சொல்லும். மேலே செம்புப் பளபளப்புள்ள ஏடும் நீல நுரையும் படியும். அதை விலக்கினால் உள்ளே நீர் தெளிந்த பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். உள்ளேயும் நீலமாகவே இருந்தால் தொட்டி இன்னும் ஆகவில்லை. அப்போது தோய்த்தால் நிறம் மேலோட்டமாகப் படிந்து அலசும்போது போய்விடும்.

பலகையில் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, மூலையை அந்தக் கோடு வரை ஒரு நிமிடம் இறக்கிப் பிடிக்கவேண்டும். எடுத்ததும் பச்சை. காற்றுப் பட்டதும் நீலம். பத்து நிமிடம் காற்றாடவிட்டு மறுபடி ஒரு நிமிடம், மறுபடி காற்று என மூன்று முறை. அடர் நீலம் வேண்டுமென்று ஒரேயடியாகப் பத்து நிமிடம் தோய்ப்பது பெரிய தவறு. நீர்வழி அதற்குள் கோட்டைத் தாண்டி ஊர்ந்துவிடும்; பூ பெருத்துக் கலங்கிவிடும். குறுகிய தோய்ப்புகளைக் கூட்டினால் நிறம் ஏறும்; விளிம்பு அவ்வளவாக நகராது. கடைசியில் பலகையோடு சேர்த்தே குளிர்நீரில் அலசி, ஒட்டாத சாயம் போனபின்தான் கிளாம்ப்பைத் தளர்த்தவேண்டும். முதலில் அவிழ்த்துப் பிறகு அலசினால் மிச்சச் சாயம் வெள்ளையில் ஏறும். விரிக்கும்போது உள் அடுக்குகள் இன்னும் பச்சையாக இருந்து கண்ணெதிரே நீலமாகும். சில சொட்டு வினிகர் கலந்த நீரில் முக்கினால் சுண்ணாம்பின் காரம் அடங்கும். பிறகு சோப்பு நீரில் ஒரு அலசு.

விரித்த துணி, என்ன தவறு நடந்தது என்பதையும் காட்டிக் கொடுக்கும். இரண்டு முனைகளில் பூக்கள் அடர்த்தியாகவும் நடுவில் வெளிறியும் இருந்தால் அடுக்கு மிகத் தடிமன். கொசுவ முறையில் மடித்ததால் துண்டின் நடுப்பகுதிதான் அடுக்கின் நடுவில் இருந்தது. சாயம் அங்கே குறைவாகச் சென்றிருக்கிறது. 68 அடுக்கு மெல்லிய மல் துணிக்குத் தாங்கலாம், தடித்த துணிக்குத் தாங்காது. அதற்குத் துணியைக் குறைப்பதோ, காய்ந்தபின் நடுப்பகுதி வெளியே வரும்படி அதே கோடுகளில் மடித்து இன்னொரு முறை தோய்ப்பதோதான் வழி. பூ ஒரு முனையில் முழுதாகத் தொடங்கி மறுமுனைக்குப் போகப் போக உடைந்தால் மடிப்பு நழுவியிருக்கிறது. வெள்ளையைச் சுற்றி மட்டும் மங்கல் வளையம் இருந்தால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. பூவுக்குள் ஊசிமுனைப் புள்ளிகளாக வெள்ளை தெரிந்தால் கஞ்சி சரியாகப் போகவில்லை.

மடிப்பின் இந்தக் கண்ணாடி வேலையைக் கட்டுச் சாயக்காரர்களும் அறிந்து வைத்திருக்கிறார்கள். பாந்தனி செய்கிறவர்கள் துணியை நான்காக மடித்து, அழிந்துபோகும் காவிமண் நிறத்தில் அதன்மேல் உருவத்தை ஒரு முறை அச்சிடுவார்கள். பிறகு நான்கு அடுக்கையும் சேர்த்தே ஒவ்வொரு புள்ளியாகக் கிள்ளி நூல் சுற்றுவார்கள். ஒரு முடிச்சு, நான்கு புள்ளி. வேலை கால்பங்காகிறது, நான்கு மூலையிலும் உருவம் ஒத்தும் வருகிறது. முதலில் மஞ்சள், அதில் கட்டி, பிறகு சிவப்பு, அதில் கட்டி, கடைசியாகக் கறுப்பு என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போவார்கள். கட்டிய இடம் முந்தைய நிறத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும்.

மதுரைச் சுங்குடியைச் செய்துவந்த சௌராஷ்டிரச் சமூகத்தின் முன்னோர் குஜராத்திலிருந்து வந்தவர்கள் என்பதால், இரண்டுக்கும் உறவு இருப்பதில் வியப்பில்லை. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்று விற்பவற்றில் மெழுகு அச்சும் திரை அச்சும் ஏராளம். கையால் கட்டியதைக் கண்டுபிடிக்க முடியும். கட்டிய புள்ளி முழு வட்டமாக இருக்காது. நடுவில் சாயம் ஏறிய சிறு பொட்டு இருக்கும். துணியை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நூல் சுற்றிய இடம் லேசாகப் புடைத்துச் சுருங்கியிருக்கும். இஸ்திரி போட்டால் அந்தச் சுருக்கம் போய்விடும் என்பதால், பழகியவர்கள் புதுச் சுங்குடியைத் தேய்க்காமல்தான் விற்பார்கள், வாங்குவார்கள். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவில், தட்டையாக இருக்கும். கட்டிய துணிக்கும் அச்சுத் துணிக்கும் ஒரே விலை கேட்கப்படும்போது இந்த ஒரு பார்வையை வாங்குகிறவர் செலவிடவேண்டும். ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்ட விரல்களுக்கு அதுவே உரிய கூலியைக் கொண்டு சேர்க்கும்.

செக்காவை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் முழுத் துண்டில் தொடங்கவேண்டாம். 36 சென்டிமீட்டர் சதுரக் கைக்குட்டை போதும். அதே 9 சென்டிமீட்டர் கொசுவத்தில் ஏழு முக்கோணம், மொத்தம் 28 அடுக்கு; சாயம் நடுவரை எளிதில் சேரும். முடிந்ததும் ஒரு அட்டையில் கொசுவ அகலம், அடுக்கு எண்ணிக்கை, ஈரமா காய்ந்ததா, தோய்த்த ஆழம், நிமிடம், எத்தனை முறை என்று எழுதி, துணியின் ஒரு சிறு துண்டை அதோடு பின் குத்தி வையுங்கள். இரண்டாவது கைக்குட்டையை அந்த அட்டையை மட்டும் பார்த்துச் செய்து, முதலாவதன் பக்கத்தில் விரித்துப் பாருங்கள்.